வசவை விட்டு, புகாரை எடுத்து

ஆகஸ்ட் 12

படகு எஞ்சின் பழுதுபார்க்கும் நிலையத்தில் புகார் அழைப்புகளைக் கேட்டுக் குறிப்பு எழுதுவது என் வேலை. இன்று பாம்பனிலிருந்து பைபர் படகுக்காரர் ஒருவர் பேசினார். எடுத்ததுமே வசவு. எங்கள் மெக்கானிக் அண்ணனின் தாயைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. குறுக்கே பேசாமல் கேட்டேன். வசவுக்கு நடுவில்தான் அந்த வார்த்தை விழுந்தது: "முதலில் தண்ணீர் நன்றாகத்தான் அடித்தது, நடுக்கடலில் நின்றுபோனது."

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் பக்கவாட்டில் பீய்ச்சும் அந்தத் தண்ணீர்தான் குளிர்விப்பு ஓடுகிறது என்பதற்கு அடையாளம். அந்தத் தண்ணீரை இறைப்பது இம்பெல்லர் என்ற ரப்பர் இதழ்ச் சக்கரம். தொடக்கத்திலிருந்தே வராததும், ஓடி நின்றுபோனதும் வேறு வேறு பழுதுகள். மெக்கானிக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது இதுதான்.

"நூறு தடவை போன் பண்ணினேன்" என்றார். "எத்தனை தடவை, எப்போது ஐயா?" என்று கேட்டதும் சற்று யோசித்து, சனிக்கிழமை மாலை மூன்று தடவை என்றார்.

நான் எழுதியது: "வியாழன் அன்று இம்பெல்லர் மாற்றினோம் (நம் பதிவில் உள்ளது). சனிக்கிழமை கடலில் சுமார் ஒரு மணி நேரம் ஓடியபின் தண்ணீர் நின்று, எஞ்சின் சூடேறி அணைந்தது என்கிறார். வேறு படகு கயிறு கட்டி இழுத்து வந்ததாம். அன்றைய தொழில் போயிற்று. மாலை மூன்று முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை என்கிறார். கேட்பது: கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும், இழுத்து வந்த படகுக்குக் கொடுத்த பணத்தைத் தர வேண்டும்."

எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினேன். இரண்டு மணி நேரம் ஓடியது என்று திருத்தினார். குரலும் இறங்கியிருந்தது.

"மெக்கானிக் வந்தால் கையை உடைப்பேன்" என்று அவர் சொன்னதை மட்டும் சொன்னபடியே தனியாக எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். போகிறவரின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதை வசவோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாது.

ஆகஸ்ட் 13

முன்பு இருந்தவர் எழுதிய பழைய குறிப்புகளைப் புரட்டினேன். "எஞ்சின் சூடு. ஆள் முரடர்." எனக்குக் கோபமே வந்தது. எப்போது சூடேறியது, எவ்வளவு நேரம் ஓடியது, எதுவும் இல்லை. இதை நம்பிப் போகும் மெக்கானிக் எந்தப் பாகத்தைக் கொண்டுபோவார்? படித்தவுடன் ஆளின் மீது கசப்பு மட்டும் மிஞ்சுகிறது. வேறொன்றில் "வாடிக்கையாளர் சற்று அதிருப்தி" என்றிருந்தது. அதுவும் பொய்தான். தொழில் போனவரின் இழப்பை ஒரு சொல்லில் கரைத்துவிடுகிறது.

ஆகஸ்ட் 14

அண்ணன், மேற்பார்வையாளரோடு சேர்ந்து, புது இம்பெல்லரைக் கையோடு எடுத்துக்கொண்டு பாம்பன் போனார். ரப்பர் இதழ்கள் இரண்டு பிய்ந்து, தண்ணீர்ப் பாதையில் சிக்கியிருந்தனவாம். அங்கேயே மாற்றிவிட்டார். கைகலப்பு எதுவும் இல்லை.

இழுவைப் பணம் இன்னும் முடிவாகவில்லை. "குறிப்பில் அந்த வரி எதற்கு, எடுத்துவிடு" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவர் கேட்டது அது, குறிப்பில் இருக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.