பெயர் தெரியாமல் வந்தவரின் போட்டோ

அடிபட்டு வந்தவருக்குச் சொந்தக்காரர் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் வைத்தியம் தொடங்கும் என்ற பயம் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை. கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரள-தமிழ்நாட்டு எல்லையோரம் முழுக்க இதே கதைதான். உயிரைக் காப்பாற்றுவது முதலில், சட்ட வேலைகள் பிறகு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1989-இல். பாலக்காட்டு ஆஸ்பத்திரிக் கேஷுவாலிட்டியில் நர்ஸ்களான நாங்கள் ‘அன்நோன், ஆண், சுமார் 45’ என்று எழுதி ஊசி குத்திவிடுவோம், ஸ்கேனுக்கும் அனுப்பிவிடுவோம். ஆனால் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அது தெரியாது. ஆளை உள்ளே தள்ளிய கையோடு போனை எடுத்து, ‘இவரைத் தெரிந்தவர்கள் உடனே தொடர்பு கொள்ளவும்’ என்று முகத்தைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நல்ல மனசுதான், அதில் சந்தேகமில்லை.

சொந்தக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நோயாளி என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். தலையில் அடிபட்டவர் இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால், மண்டைக்குள் கசிவு நிற்காமல் பெருகலாம். டாக்டருக்கு அந்தத் தகவல் கிடைத்தால் சிகிச்சையே மாறும். அதனால் தேடத்தான் வேண்டும். எப்படித் தேடுவது என்பதில்தான் பேச்சு.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பொள்ளாச்சி ரோட்டில் சாயங்காலம் பைக்கிலிருந்து விழுந்தவர். நினைவில்லை, பர்ஸ் இல்லை, வண்டியில் தமிழ்நாட்டு நம்பர். ஆட்டோவில் கொண்டுவந்த தம்பி ரோட்டிலேயே ஒரு போட்டோ எடுத்து, தன் நம்பரையும் போட்டு நாலைந்து குரூப்பில் அனுப்பியிருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் அவருக்குப் போன் மேல் போன். ‘சிஸ்டர், ஆள் கிடைச்சாச்சு, தங்கச்சி பேசுது’ என்று ஓடி வந்தார். உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், அது தன் அண்ணன்தான் என்று அழுதுகொண்டே வேன் பிடித்துக் கிளம்பிவிட்டார்.

அது அவருடைய அண்ணன் இல்லை. அண்ணன் மில்லில் ஷிப்டில் இருந்தார், போன் லாக்கரில். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அடிபட்டவரின் முகம் அரை மணி நேரத்தில் வேறு முகமாகிவிடும்: கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும், உதடு தடித்துவிடும், ரத்தமும் மண்ணும் அப்பியிருக்கும், வாயில் டியூப் போட்டால் தாடையின் அமைப்பே தெரியாது. மீசையும் உடல்வாகும் ஒத்துப்போனால் பயந்த மனசு மீதியை நிரப்பிக்கொள்கிறது. பெற்ற தாயே தவறாக அடையாளம் காட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்குள் போட்டோ இன்னொரு வடிவம் எடுத்திருந்தது. யாரோ முதல் வாசகத்தை நீக்கிவிட்டு, ‘கோபாலபுரம் அருகே விபத்தில் பலி’ என்று எழுதிவிட்டார்கள். படமும் அதன் கூட வரும் சொற்களும் ஒட்டியே பயணிப்பதில்லை. தேதியும் நேரமும் அதில் இல்லாததால், ஆள் வீடு திரும்பிய பிறகும் அது சுற்றிக்கொண்டிருக்கும். அனுப்பிய தம்பி தன் குரூப்பில் அழித்தாலும், மற்றவர்கள் பார்வர்டு செய்தது அழியாது.

உண்மையான வீட்டை அந்தப் போட்டோ கண்டுபிடிக்கவில்லை. மடங்கிய பைக்கும் உடைந்த போனும்தான் கண்டுபிடித்தன.

விபத்துக் கேஸ் வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்கு இன்டிமேஷன் போகும். ஆஸ்பத்திரி எய்ட் போஸ்ட் போலீஸ்காரர் வண்டி நம்பரை ‘வாகன்’ என்ற அரசு வண்டிப் பதிவேட்டில் பார்த்து உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் எடுத்தார். பொதுமக்கள் பார்க்கும் ஆப்பில் பெயரின் பாதி எழுத்துகள் நட்சத்திரக் குறியாகத்தான் வரும், போலீசுக்கு முழுதாகக் கிடைக்கும். அந்த உரிமையாளர் வண்டியை விற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது, ஆர்.சி. மாற்றவே இல்லை. பழைய வண்டிகளில் இது சர்வ சாதாரணம். அதனால் ‘உங்கள் வீட்டு ஆளுக்கு அடிபட்டுவிட்டது’ என்று முதலிலேயே சொல்லாமல், ‘இந்த வண்டி இப்போது யாரிடம் இருக்கிறது?’ என்றுதான் கேட்க வேண்டும். போலீஸ்காரர் அப்படித்தான் கேட்டார். விற்றுக்கொடுத்த புரோக்கரின் நம்பர் வந்தது.

அதற்குள் அடிபட்டவரின் போன் அடித்தது. நோயாளியின் பொருட்களைக் கவரில் போட்டு, பட்டியல் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வைப்பது வழக்கம். அந்தக் கவரிலேயே போன் செத்துப்போவதும் வழக்கம். கண்ணாடி உடைந்திருந்தாலும் சார்ஜில் போட்டு, கண்ணுக்கு எதிரே வைத்திருக்க வேண்டும். லாக் திறக்கத் தேவையில்லை, வருகிற அழைப்பை எடுக்க முடியும். லாக் திரையிலேயே அவசர நம்பரும் மருத்துவக் குறிப்பும் தெரியும்படி பதிந்துவைக்கும் வசதி இப்போதைய போன்களில் இருக்கிறது. பதிந்தவர்கள்தான் குறைவு. நினைவில்லாதவர் விரலைப் பிடித்து வைத்துப் போனைத் திறப்பதை மட்டும் நான் செய்யமாட்டேன், சிம்மைக் கழற்றுவதையும். அது போலீஸ் பார்க்க வேண்டிய வேலை.

சாப்பாட்டுக்கு ஆளைக் காணோம் என்று மனைவி அழைத்திருந்தார். ‘யாருங்க பேசறது?’ என்ற குரலுக்கு, பக்கத்தில் போலீஸ்காரரை வைத்துக்கொண்டு பதில் சொன்னேன்: பைக்கிலிருந்து விழுந்திருக்கிறார், உயிரோடு இருக்கிறார், ஸ்கேன் எடுத்தாயிற்று, எந்த ஆஸ்பத்திரி, எந்த வாசல், தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வரவேண்டாம். பிறகு மாத்திரை. சர்க்கரைக்கும் நெஞ்சுக்கும் சாப்பிடுகிறார் என்றார். அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அன்று ராத்திரி டாக்டருக்குப் பயன்பட்ட போட்டோ அது ஒன்றுதான்.

மனைவி கிளம்பிய பிறகு ‘பலி’ என்ற படம் அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் இருந்தது நோயாளியின் அம்மா மட்டும். பக்கத்து வீட்டுப் பையன் காட்டிவிட்டான். அந்த அம்மாவுக்கு ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை என்பதே அதிர்ஷ்டம்.

இதில் யோசிக்க வேண்டியது நேரக் கணக்கு. விபத்து நடந்த முதல் சில மணி நேரம் அந்த மனிதரைக் காணோம் என்று யாரும் தேடவே இல்லை. வேலையில் இருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார் என்றுதான் வீடு நினைக்கும். காணாமல் போனவர் புகாரே இல்லாதபோது, எந்தப் பதிவேட்டிலும் அவரைத் தேடிப் பயனில்லை. அதனால் ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து வெளியே போக வேண்டும்: வண்டி, போன், சட்டைப்பையிலுள்ள பஸ் டிக்கெட், தையல்காரர் லேபிள், மருந்துக்கடை பில். எல்லையோரத்தில் இன்னொரு சிக்கல்: பொள்ளாச்சியிலிருந்து 112 அடித்தால் தமிழ்நாட்டுக் கண்ட்ரோல் ரூமுக்குப் போகும், ஆளோ பாலக்காட்டு ஆஸ்பத்திரியில். இங்கிருந்து எங்கள் ஸ்டேஷன் அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு நேரே தகவல் கொடுத்தார்களா என்று ராத்திரி ஷிப்டு முடிவதற்குள் ஒரு தடவை கேட்டுவிடுவது என் பழக்கம். கேட்காவிட்டால் சில சமயம் காகிதம் அங்கேயே இருக்கும்.

பொதுவில் செய்தி போடத்தான் வேண்டுமென்றால் முகம் இல்லாமலே போடலாம். எந்த ரோடு, எந்தத் தேதி, எத்தனை மணி, சட்டை நிறம், உத்தேச வயசு, ஸ்டேஷன் நம்பர், இவ்வளவு போதும். தன் சொந்த நம்பரைப் போட்ட ஆட்டோத் தம்பிக்கு ஒரு மாதம் கழித்தும் அழைப்பு வந்தது.

வண்டியும் போனும் இல்லாமல் நடந்து போனவர் அடிபட்டால் கதை வேறு. எல்லா வழியும் அடைத்துக்கொண்ட பிறகு முகப்படம் தேவைப்படும். அதை போலீசே எடுக்கிறார்கள், முகத்தைத் துடைத்து, காயம் தெரியாத கோணத்தில். இறந்தவராக இருந்தால் பத்திரிகையிலும் வரும். அப்போதும் ஓர் அடையாளத்தை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்வார்கள். பெயர் தெரியாத ஒரு பெரியவரைத் தேடி வந்த இரண்டு குடும்பமும் ‘எங்கள் அப்பாதான்’ என்றன. எந்தக் காலில் ஆபரேஷன் தழும்பு என்று ஏட்டு கேட்டார். ஒரு குடும்பம் வலது கால் என்றது, இன்னொன்று தழும்பே கிடையாது என்றது. பெரியவருக்கு இடது கால். இரண்டு குடும்பத்தையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஏட்டு மறுபடியும் பொள்ளாச்சி ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.