தயிர் போல உறையும் பேச்சு

கொல்கத்தா போகும்வரை எனக்குத் தெரிந்த 'அட்டா' இந்திக்காரர்கள் பஸ் நிலையத்தைச் சொல்லும் பஸ் அட்டாதான். வங்காளிகள் அதே சொல்லால் பேச்சைக் குறிக்கிறார்கள். வேலை, காரணம், முடிவு எதுவும் இல்லாமல் மணிக்கணக்கில் நீளும் பேச்சு. சொல்லும்போது அந்த 'ட்டா'வை 'வண்டி'யில் வரும் 'டி' மாதிரி அழுத்தம் குறைத்துச் சொல்ல வேண்டும். நம் எழுத்தில் அதற்கு வழி இல்லை.

முதலில் எல்லோரையும் போல நானும் காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸுக்குத்தான் போனேன். பழைய ஆல்பர்ட் ஹால் கட்டடம், 1942-ல் காபிக்கடை ஆனது. பால் இல்லாத காபிக்கு அங்கே பெயர் 'இன்ஃப்யூஷன்'. ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். தலைப்பாகை கட்டிய சர்வர் கிளம்பச் சொல்லவில்லை. ஆனால் தனியாளாகப் போய் அட்டாவைப் பார்க்க நினைப்பது கல்யாண வீட்டு வாசலில் நின்று விருந்தை ரசிப்பது போலத்தான்.

உள்ளே போனது மறுநாள் மாலை, பாக்பஜாரில் நண்பரின் வீட்டு ரொயாக்கில். ரொயாக் என்பது வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகளில் வாசலை ஒட்டித் தெருப்பக்கம் நீளும் சிமெண்ட் மேடை. பேச்சில் 'ரொக்'. நம் திண்ணைக்கு உறவுதான், ஆனால் நான் உட்கார்ந்ததில் கூரையோ தூணோ இல்லை. காலைத் தொங்கப்போட்டால் பாதம் சந்தில் இருக்கும். பாதி வீட்டுக்காரருக்குச் சொந்தம், பாதி தெருவுக்கு. பக்கத்து வீட்டு ரொக்கைக் கம்பி போட்டு அடைத்திருந்தார்கள். அதற்கடுத்த வீடு அடுக்குமாடி ஆகிவிட்டது.

ஐந்து பேர். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் (எல்லோருக்கும் அவர் 'காகு', சித்தப்பா), ஒரு ஹோமியோபதி டாக்டர், ஒரு கல்லூரிப் பையன், நண்பர், நான். பாதி வங்காளம், பாதி ஆங்கிலம்.

பேச்சு இலிஷ் மீன் விலையில் தொடங்கியது. முன்பெல்லாம் இலிஷ் கங்கையில் ஏறி அலகாபாத் வரை போகும், 1975-ல் ஃபராக்கா தடுப்பணை வந்து வழியை மறித்துவிட்டது என்றார் டாக்டர். "இலிஷ் உங்கள் ஈஸ்ட் பெங்கால் ஆட்களின் கவலை, எங்களுக்கு இறால் போதும்" என்று சீண்டினார் காகு. ஈஸ்ட் பெங்கால் கால்பந்து கிளப்பின் பரம எதிரியான மோகன் பகானின் ரசிகர் அவர். உடனே பேச்சு 1911-க்குத் தாவியது. அந்த வருஷம் மோகன் பகான் வெறுங்காலுடன் ஆடி, பிரிட்டிஷ் ராணுவ அணியான ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பையை வாங்கியது. "எல்லோரும் வெறுங்கால் இல்லை, ஒருவர் பூட்ஸ் போட்டிருந்தார்" என்று குறுக்கே விழுந்தான் பையன். யார் அந்த ஒருவர்? இரண்டு பெயர்கள் வந்தன, குரல்கள் ஏறின.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். போனை எடுத்துத் தேடி, "சுதிர் சாட்டர்ஜி" என்று படித்தேன். சரியான பதில்தான். ஆனால் அதற்குப் பிறகு யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. சந்தில் சைக்கிள் ரிக்‌ஷா போகும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அதை உள்ளே வை தம்பி" என்றார் காகு, கோபமில்லாமல். அப்புறம்தான் ஒரு வினைச்சொல்லைக் கற்றுக்கொடுத்தார். அட்டா களைகட்டினால் 'அட்டா ஜொமேச்சே' என்பார்களாம். தயிர் உறைந்தாலும் அதே 'ஜொமேச்சே'தான். உறை ஊற்றிய பாலை நடுவில் கரண்டி விட்டுப் பார்ப்பவனை வீட்டில் என்ன சொல்வார்கள்? நான் செய்தது அதுதான். வாக்குவாதத்தைத் தீர்த்துவைப்பவன், "சரி, முடிவா என்ன?" என்று கேட்பவன், ஏதோ காரியமாக வந்தவன், ஒரே ஆளாகப் பிரசங்கம் செய்பவன் யாராக இருந்தாலும் கரண்டிதான்.

பூட்ஸ் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு டாக்டர்தான் மீட்டார். பெண்டிங்க் தெருவின் சீனர் செருப்புக்கடை ஒன்றில் அவருடைய அப்பா கல்யாணத்துக்கு ஷூ தைக்கக் கொடுத்த கதை. இடது கால் ஒரு அளவு சிறிதாம், கல்யாணம் முழுக்க நொண்டினாராம். "பொய்" என்றான் பையன். பொய்யாகவே இருக்கலாம், யாரும் சரிபார்க்கவில்லை. இலிஷ் பக்கம் பேச்சு திரும்பவே இல்லை.

நான்கு முறை டீ வந்தது. போட்டுக் கொடுத்த நண்பரின் அம்மா ஒருமுறைகூட உட்காரவில்லை. கேட்டதற்கு, தன் அட்டா மத்தியானம் மொட்டை மாடியில் என்றார். அங்கே யார் டீ போடுவார்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

ஒன்பதரைக்கு டாக்டர் எழுந்து "ஆஷி" என்றார். 'வருகிறேன்' என்று பொருள். நம்மைப் போலவே போகும்போது வருகிறேன் என்கிறார்கள். காகுவும் எழுந்தார். பிறகு இருவரும் சந்துமுனை விளக்குக்கம்பத்தடியில் நின்று பேச ஆரம்பித்தார்கள். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.