கட்டுக்கு 25 கல் என்பதை 18 ஆக மாற்றிய கதை

ஆத்தங்குடியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு டைல்ஸ் பட்டறை இருக்கிறது. கல் போடுகிற வேலையை அப்பா பார்க்கிறார். ஆர்டர், கணக்கு, லாரி என்று வெளியே போகிற எல்லாம் என் பொறுப்பு. மதுரை, கோவை, சென்னை என்று பதினான்கு வியாபாரிகள் எங்களிடம் தொடர்ந்து வாங்குகிறார்கள். சிலர் தாத்தா காலத்திலிருந்து வாங்குகிறவர்கள். அவர்களிடம், இனிமேல் குறைந்தபட்ச ஆர்டர் 40 சதுர அடி இல்லை, 120 சதுர அடி என்றும், கட்டுக்கு 25 கல் இல்லை, 18 கல் என்றும் சொல்ல வேண்டி வந்தது. எப்படிச் சொன்னேன், எங்கே தவறினேன் என்பதை எழுதுகிறேன்.

முதலில் காரணம். அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் நானும் தொடங்கினேன்.

எங்கள் கல்லின் பளபளப்பு மெருகு போட்டு வருவதில்லை. கண்ணாடித் தட்டின்மேல் சட்டத்தை வைத்து, அச்சின் அறைகளுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துகிறோம். காய்ந்து, தண்ணீரில் ஊறி எழுந்த பிறகு கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும் முகம்தான் பளபளக்கிறது. ஆகவே நிறம் முழுக்க அந்தக் கலவையில்தான் இருக்கிறது. இரண்டு கிலோ கலவைக்கு நூற்றுக்கு ஐந்து என்று ஆக்சைடு போட்டால் 100 கிராம் வேண்டும். அதில் பத்து கிராம் கூடினாலோ குறைந்தாலோ நிறத்தில் பத்தில் ஒரு பங்கு மாறிவிடும், கண்ணுக்குத் தெரியும். பத்து கிலோ கலவையில் அதே பத்து கிராம் ஐம்பதில் ஒரு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது. சின்ன ஆர்டர் என்றால் சின்னக் கலவை, சின்னக் கலவை என்றால் நிற வித்தியாசம். எங்களுக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை நாற்பது, ஐம்பது சதுர அடி ஆர்டர்களில் வந்தவை.

கட்டின் கதை வேறு. எட்டு அங்குலக் கல் ஒன்று ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ எடை. இருபத்தைந்து கல் சேர்ந்தால் நாற்பது கிலோவைத் தாண்டும். லாரியிலிருந்து இறக்குகிறவர் அதைக் கீழே வைக்கும்போது கடைசி அரையடியில் கை தளர்ந்துவிடும். அடிக்கல்லின் மூலை உடையும். கட்டுவது முகத்தோடு முகம் சேர்த்து, நடுவே காகிதம் வைத்து. இருபத்தைந்து ஒற்றைப்படை என்பதால் ஒரு கல்லுக்கு மட்டும் இணை கிடையாது. அதன் முகத்தில்தான் கீறல் விழும். பதினெட்டு என்றால் ஒன்பது இணை, முப்பது கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். அதைவிட முக்கியம், எட்டு அங்குலக் கல்லில் பதினெட்டு போட்டால் சரியாக எட்டு சதுர அடி வருகிறது. இருபத்தைந்து கல்லுக்கு 11.11 சதுர அடி என்று ஒவ்வொரு பில்லிலும் தசமப் புள்ளியோடு மல்லுக்கட்டியது போதும் என்று எனக்குப் பல வருடங்களாகத் தோன்றிக்கொண்டே இருந்தது.

புரட்டாசியில் ஒரு வருட ஆர்டர் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். 120 சதுர அடிக்குக் கீழே வந்த ஆர்டர்களை மட்டும் தனியாக எழுதி, எதிரே வியாபாரியின் ஊரை எழுதினேன். பதினான்கு பேருக்கும் அடிபடும் என்று நினைத்திருந்தேன். பதினோரு பேருக்கு ஏதோ ஒன்றிரண்டு ஆர்டர்தான் இருந்தது. மீதி மூன்று பேரின் பெயர்தான் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. எல்லோருக்கும் ஒரே நாளில் கடிதம் போடுவது என்ற எண்ணத்தை அங்கேயே விட்டேன். இந்த மூவரோடு முதலில் பேச வேண்டும். அதுவும் கடிதத்தை எழுதுவதற்கு முன்பே பேச வேண்டும்.

மதுரைக்காரரைத் தேடி நேரில் போனேன். அப்பாவைவிட மூத்தவர். அவர் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பூஜை அறைக்கும் முன்கூடத்துக்கும் மட்டும் எங்கள் கல்லைக் கேட்கிறவர்கள். பத்துக்கு எட்டு பூஜை அறை என்றால் எண்பது சதுர அடிதான்.

"நூற்றிருபது போட்டால் மீதி நாற்பதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது தாயி?" என்றார்.

நான் நிறக் கலவை, பத்து கிராம் கணக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களுக்குச் சிக்கல் டிசைனிலா, நிறத்திலா?"

"நிறத்தில்தான் பெரியப்பா."

"அப்படியென்றால் ஒரே நிறத்தில் இரண்டு டிசைன் கேட்டால் சேர்த்துக் கணக்குப் போட மாட்டீர்களா? பூஜை அறைக்குப் பூ, முன்கூடத்துக்குக் கட்டம். நிறம் ஒன்றே."

பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அப்பாவிடம் சொன்னேன். அச்சை மாற்றுவதற்குச் சிறிது நேரம் போகும், அவ்வளவுதான் என்றார். விதியே மாறிவிட்டது: "ஒரு டிசைனுக்கு 120 சதுர அடி" என்று எழுத இருந்ததை "ஒரு நிறத் தொகுதிக்கு 120 சதுர அடி, டிசைன் எத்தனை கலந்தாலும் சரி" என்று எழுதினேன். கடிதத்தை முதலில் அனுப்பியிருந்தால் அவரிடமிருந்து இந்த யோசனை வந்திருக்காது. வருத்தம்தான் வந்திருக்கும், அதுவும் எங்கள் காதுக்கு எட்டாமல்.

மற்ற இருவரும் பழைய வீடுகளைப் பழுது பார்க்கிறவர்களுக்குக் கொடுக்கிறவர்கள். செட்டிநாட்டு வீட்டு வளவில் நாலு கல் விரிசல் விட்டிருந்தால் பத்துச் சதுர அடிதான் கேட்பார்கள். அதை நூற்றிருபது ஆக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பழைய கல்லின் நிறத்தோடு எப்படியும் முழுதாகப் பொருந்தாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே மாதத்தின் முதல் திங்கட்கிழமையைப் பழுதுக் கல்லுக்கென்று ஒதுக்கினோம். அளவுக் கட்டுப்பாடு இல்லை. சதுர அடிக்கு விலை மட்டும் கூடுதல், மாதிரிக் கல் ஒன்றை முன்கூட்டியே அனுப்பிவைக்க வேண்டும்.

பிறகுதான் கடிதம். ஐப்பசியில் அனுப்பி, தை முதல் தேதியிலிருந்து நடைமுறை என்று வைத்தேன். மார்கழியில் யாரும் புது வீட்டு வேலையைத் தொடங்குவதில்லை. பழைய ஆர்டர்கள் அதற்குள் ஓய்ந்துவிடும். ஒரே பக்கம். அப்படியே தருகிறேன்:

"வணக்கம். வருகிற தை முதல் தேதியிலிருந்து எங்கள் பட்டறையில் இரண்டு மாற்றங்கள். ஒன்று, குறைந்தபட்ச ஆர்டர் ஒரு நிறத் தொகுதிக்கு 120 சதுர அடி. இதுவரை 40. இரண்டு, எட்டு அங்குலக் கல் கட்டுக்கு 18, அதாவது 8 சதுர அடி. இதுவரை 25. சதுர அடி விலையில் மாற்றம் இல்லை. மார்கழி கடைசி வரை முன்பணம் கொடுத்த ஆர்டர்கள், எப்போது அனுப்பினாலும், பழைய அளவிலேயே நடக்கும். பழுது வேலைக்கான சிறு அளவுகள் மாதத்தின் முதல் திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளப்படும். நிறம் சீராக வரவும், இறக்கும்போது உடையாமல் இருக்கவுமே இந்த மாற்றம்."

விலையில் மாற்றம் இல்லை என்ற வரியை நடுவில் வைத்தது பிழை. நான்கு பேர் போன் செய்து முதலில் கேட்டது அதைத்தான். கட்டு சிறியதாகிறது என்றதும் விலையை மறைமுகமாக ஏற்றுகிறார்கள் என்று நினைப்பது இயல்பு. அந்த வரி முதலாவதாக இருந்திருக்க வேண்டும்.

பெரிய பிழை தையில் தெரிந்தது.

கோவை வியாபாரியின் கடையிலிருந்து போன் வந்தது. "அந்தப் பச்சைப் பூ டிசைன், இருபது கட்டு." எழுதிக்கொண்டேன், முன்பணம் வந்தது, கல் போட்டோம், ஊறவைத்தோம், அனுப்பினோம். கல் பதிக்கத் தொடங்கி மூன்றாம் நாள் கொத்தனாரிடமிருந்து கடைக்கும், கடையிலிருந்து எனக்கும் போன் வந்தது. கூடத்தின் ஒரு ஓரத்தில் கல் போதவில்லை. அவர்கள் மனதில் இருபது கட்டு என்றால் 500 கல், 222 சதுர அடி. நாங்கள் அனுப்பியது 360 கல், 160 சதுர அடி. பில்லில் 160 என்று தெளிவாகத்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. கடிதம் முதலாளியின் மேசைக்குப் போயிருந்தது. போனில் ஆர்டர் சொன்னது கடையில் நிற்கும் தம்பி. அவருக்கு மாற்றம் நடந்ததே தெரியாது.

அவர்மீது தவறில்லை. அளவை மாற்றிவிட்டு அதற்கு இருந்த பெயரை அப்படியே விட்டது நான். "கட்டு" என்ற சொல்லுக்கு வியாபாரிகளிடம் நாற்பது வருடமாக இருபத்தைந்து என்று பொருள். ஒரு கடிதத்தால் அந்தப் பொருள் மாறிவிடும் என்று நினைத்தேன்.

மிச்சம் 140 கல்லைப் புதிதாகக் கலந்துதான் போட வேண்டியிருந்தது, அதாவது எதைத் தடுக்கப் புறப்பட்டோமோ அதே நிற வித்தியாசம். தாழ்வாரத்தில் பதித்த கல்லைக் கொத்தனார் ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கூடத்தை நிறைவு செய்தார். புதுக்கலவைக் கல் முழுவதும் தாழ்வாரத்துக்குப் போனது. நடுவே நிலைப்படி இருப்பதால் இரண்டு பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியாது. அந்தக் கல்லுக்கும் லாரிக்கும் நாங்கள் பணம் வாங்கவில்லை.

அந்த வாரமே "கட்டு" என்ற சொல்லை நிறுத்தினோம். இப்போது அதன் பெயர் "எட்டடி". பொட்டலத்தின் மேல் பெரிதாக 8 என்று மையால் எழுதுகிறோம். யார் போனில் கட்டு என்று சொன்னாலும் சதுர அடியில் எவ்வளவு என்று திருப்பிக் கேட்கிறேன். முன்பணம் வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் மூன்று எண்களை அனுப்புகிறேன்: 120 சதுர அடி, 270 கல், 15 எட்டடி. மூன்றையும் பார்த்துச் சரி என்று பதில் வந்தால்தான் கலவை போடச் சொல்வேன். விலைப்பட்டியலைக் கடையில் ஆர்டர் சொல்கிறவரின் எண்ணுக்கும் அனுப்புகிறேன், முதலாளிக்கு மட்டும் அல்ல. பதினான்கு கடைக்கு இருபத்திரண்டு எண்கள் சேர்ந்தன.

பத்து அங்குலக் கல் இன்னும் பழைய இருபத்தைந்திலேயே இருக்கிறது. பதினெட்டு போட்டால் 12.5 சதுர அடி, கணக்குக்கு நல்லது. ஆனால் எடை ஏறக்குறைய ஐம்பது கிலோ. பன்னிரண்டு போட்டால் கைக்கு அடக்கம், ஆனால் 8.33 என்று மறுபடியும் தசமம். அப்பா பன்னிரண்டு என்கிறார். மதுரைப் பெரியப்பாவிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று இருக்கிறேன்.