பதினொரு நாள் வித்தியாசத்தில் தொலைந்த என் இரண்டு நாள்கள்

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததை நாள்வாரியாக அட்டவணைப்படுத்தத் தொடங்கியபோது, கோட்டை சரணடைந்த தேதி ஆங்கிலேயர் ஆவணத்தில் செப்டம்பர் 10 என்றும் பிரெஞ்சு ஆவணத்தில் செப்டம்பர் 21 என்றும் இருந்தது. இரண்டும் ஒரே புதன்கிழமைதான். பிரான்சு 1582இலேயே கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட, பிரிட்டன் 1752 வரை பழைய ஜூலியன் கணக்கையே பிடித்துக்கொண்டிருந்ததால், அதன் கம்பெனி எழுத்தர்களும் அதையே எழுதினார்கள்.

இது தெரிந்த தைரியத்தில் எல்லாத் தேதிகளுக்கும் பதினொரு நாளைக் கூட்டினேன். அங்கேதான் முதல் அடி. நான் பயன்படுத்திய அச்சுப் பதிப்பு ஒன்றில் பதிப்பாசிரியர் ஏற்கெனவே தேதிகளைப் புதிய கணக்குக்கு மாற்றியிருந்தார். முன்னுரையில் அதைச் சொல்லியும் இருந்தார். முன்னுரையைப் படிக்காத நான் மீண்டும் கூட்டியதால், சரணடைதல் என் அட்டவணையில் அக்டோபர் 2க்குப் போய்விட்டது. பதினேழாம் நூற்றாண்டு ஆவணங்களுக்குக் கூட்ட வேண்டியது பத்து நாள்தான் என்பதையும் பிறகே கவனித்தேன். 1700ஆம் ஆண்டு பிப்ரவரி 29 ஜூலியனில் உண்டு, கிரிகோரியனில் இல்லை என்பதால் பதினொன்று ஆனது.

இதைவிட வலித்தது வேறொன்று. "திங்கள், 10 பிப்ரவரி 1745" என்று தேதியிட்ட ஒரு கடிதத்துக்கான பதிலைத் தேடி, வெளியூர் ஆவணக் காப்பகம் ஒன்றுக்குப் போய், 1745ஆம் ஆண்டுக் கட்டுகளை இரண்டு நாள் புரட்டினேன். அங்கிருந்த எழுத்தர் "இல்லையென்றால் இல்லைதான் சார்" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. திரும்பும் ரயிலில்தான் கிழமை உறுத்தியது. அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் தேதி. ஆகவே பிப்ரவரி 1745 என்பது நம் கணக்கில் 1746. பழைய நாள்காட்டியில் 1745 பிப்ரவரி 10 ஞாயிறு, 1746 பிப்ரவரி 10 திங்கள். கடிதமே சரியாகச் சொல்லியிருக்கிறது. கவனமான எழுத்தர்கள் இத்தகைய இடங்களில் 1745/6 என்று இரண்டையும் எழுதிவைப்பார்கள், இந்தக் கடிதத்தை எழுதியவர் அப்படி எழுதவில்லை.

எனவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான எந்த ஆங்கிலத் தேதியையும், கிழமையைச் சரிபார்க்காமல் இப்போது நான் ஏற்பதில்லை. கிழமை எந்தக் கணக்கிலும் மாறாது. ஆனால் கணிப்பானில் ஜூலியன் என்று தேர்ந்தெடுக்க மறந்தால் அதுவும் தவறாகவே காட்டும். கிழமை குறிப்பிடப்படாத இடங்களில் முன்பின் உள்ள கடிதங்களின் வரிசைதான் துணை.

என் அட்டவணையில் இப்போது ஆவணத்தில் உள்ளபடி ஒரு பத்தி, மாற்றிய தேதிக்கு ஒரு பத்தி, கிழமைக்கு ஒரு பத்தி என்று மூன்று இருக்கின்றன. அந்தக் கடிதத்தின் பதில், அடுத்த பயணத்தில் 1746ஆம் ஆண்டுக் கட்டில் அரை மணி நேரத்தில் கிடைத்தது.