அஞ்சாவது எங்க போச்சு

அக்டோபர் 27, ஞாயிறு
இன்னைக்கும் மடத்துக்கு மெயில் அனுப்பல.

அக்டோபர் 28, திங்கள்
டிராஃப்ட்ட கைடு மேடம்கிட்ட காட்டினேன். ஒன்றரை பக்கம். என் ஆராய்ச்சி என்ன, சைவம் எப்பேர்ப்பட்டது, மடம் எப்பேர்ப்பட்டதுன்னு எழுதித் தள்ளிட்டு கடைசி வரில "தங்களிடம் உள்ள பத்ததிச் சுவடிகள் அனைத்தையும் பார்வையிட அனுமதி வேண்டும்"னு முடிச்சிருந்தேன். மேடம் சிரிச்சிட்டாங்க. "எல்லாத்தையும்னு கேட்டா இல்லன்னு சொல்றது அவங்களுக்கு எவ்ளோ சுலபம் தெரியுமா, உனக்கு வேணுங்கறது எத்தன ஏடு?"

யோசிச்சா அஞ்சு ஏடு. பத்து பக்கம். அதுலயும் உயிர் போற எடம் ஒரே ஒரு வரிதான்.

அக்டோபர் 31
தீபாவளி. அம்மா அதிரசம் கருக்கிட்டாங்க, என்னை அடுப்ப பாக்க சொன்னாங்களாம், நான் எண்ணிக்கிட்டு இருந்தேனாம்.

நவம்பர் 1, வெள்ளி
புதுச்சேரி விடுதலை நாள், லீவு, பஸ் ஏறல. கடலூர்லயே மொட்டமாடில உக்காந்து திரும்ப எண்ணினேன். நாலுதான்.

பத்ததிங்கறது பூஜை முறை சொல்ற கையேடு. அதுல பூஜைல தப்பு நடந்தா என்ன பரிகாரம்னு சொல்ற பிராயச்சித்தப் பகுதி ஆரம்பத்துல "தோஷம் அஞ்சு"ன்னு தெளிவா சொல்லுது. அப்புறம் ஒண்ணொண்ணா வருது. விளக்கு நடுவுல அணைஞ்சா, அகோர மந்திரம் நூறு தடவ. நைவேத்தியத்துல முடி கெடந்தா, நூறு. கீழ விழுந்த பூவ சாத்திட்டா, நூறு. நேரம் தவறினா, நூறு. அவ்ளோதான், அடுத்த விஷயத்துக்கு போயிடுது. அஞ்சாவத காணோம்.

ஒவ்வொரு வரியும் "சதம் ஜபேத்"னே முடியுது, அங்கதான் எனக்கு சந்தேகம். ஏடு பாத்து ஏடு எழுதறவர் ஒரு "சதம் ஜபேத்" எழுதி முடிச்சிட்டு தலைய தூக்கறாரு, மறுபடி மூல ஏட்ட பாக்கும்போது கண்ணு அடுத்த "சதம் ஜபேத்"ல போய் நிக்கும். நடுவுல இருந்த வரி போச்சு. அவருக்கு தெரியவே தெரியாது, ஏன்னா அவர் எழுதினது படிக்க சரியாதான் இருக்கும். ஆரம்பத்துல அஞ்சுன்னு ஒரு எண் இல்லன்னா நானும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்.

பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்ல பாத்தது மூணு. ரெண்டு சுவடி, ஒரு நோட்டுல தேவநாகரில எழுதின நகல். மூணுலயும் நாலுதான். மூணு சாட்சி சொல்லுதேன்னு நெனச்சா அந்த நகலோட மொத பக்கத்துலயே எந்தக் கட்ட பாத்து எழுதினதுன்னு போட்டிருக்கு, அது அந்த ரெண்டுல ஒண்ணுதான். அப்போ மூணு இல்ல, ரெண்டு. அந்த ரெண்டும் இன்னும் பத்து எடத்துல ஒரே மாதிரி தப்பு பண்ணுது, ஆக ரெண்டுக்கும் தாய் ஒண்ணு. கடைசில எங்கிட்ட இருக்கறது ஒரே சாட்சி. அதனாலதான் மடத்து சுவடி.

நவம்பர் 4, திங்கள்
அனுப்பிட்டேன். இதுதான் போனது:

"மதிப்பிற்குரிய காறுபாறு ஐயா அவர்களுக்கு, பணிவான வணக்கம். மடத்து நூலகத்தில் உள்ள ஒரு கிரந்தச் சுவடிக் கட்டில் பிராயச்சித்தப் பகுதியின் ஐந்து ஏடுகளை மட்டும் பார்வையிட அனுமதி கோருகிறேன். பட்டியலின்படி ஏடு 43 முதல் 47 வரை. நான் பார்த்த பிற சுவடிகளில் ஓரிடத்தில் ஒரு வரி விடுபட்டிருப்பதாகத் தோன்றுகிறது. அது தங்கள் சுவடியில் உள்ளதா என்று அறியவே இந்த வேண்டுகோள். ஏட்டை நான் தொட வேண்டியதில்லை, மடத்தார் புரட்டிக் காட்டினால் போதும். தாங்கள் அனுமதித்தால் அன்றிப் படம் எடுக்க மாட்டேன். படித்ததை வெளியிடும் முன் தங்கள் பார்வைக்கு அனுப்புவேன். தங்களுக்கு வசதியான எந்த நாளும் வருகிறேன்."

கைடோட கடிதத்த தனியா இணைச்சேன். முதல்ல "மகாசந்நிதானம் திருவடிகளுக்கு"ன்னுதான் ஆரம்பிச்சிருந்தேன், மேடம் அத அடிச்சிட்டாங்க. மடாதிபதிக்கு எழுதறதுன்னா நேர்ல போய் விண்ணப்பமா வெக்கணும், மெயில பாக்கறது ஆபீஸ், நிர்வாகத்த பாக்கற காறுபாறுக்கு எழுதுன்னாங்க.

நவம்பர் 5
பதில் இல்ல. ஒரு நாள்தான் ஆகுது, தெரியும்.

நவம்பர் 8
ஸ்பேம் ஃபோல்டரையும் பாத்தாச்சு.

நவம்பர் 9, சனி
சீனியர் ஒருத்தர் போன் பண்ணாரு. அந்த மடத்து கட்டுங்கள எப்பவோ யாரோ படம் எடுத்தது ட்ரைவ்ல சுத்துதாம், "லிங்க் அனுப்பவா, எதுக்கு கெஞ்சிக்கிட்டு?" நான் ஒரு நிமிஷம் ஒண்ணுமே பேசல. அந்த ஒரு நிமிஷம் எனக்கே புடிக்கல.

வேணாம்னுட்டேன். நல்லவன்னு காட்டிக்க இல்ல, கணக்கு போட்டுதான். பாத்துட்டா பாத்தத மறக்க முடியாது, தீசிஸ்ல போட்டா எங்க பாத்தன்னு கேப்பாங்க, அனுமதி குடுக்காத மடத்து பேர எப்படி எழுதறது. அந்த மடத்துக்கு எனக்கு அப்பறம் போற பசங்களுக்கும் கதவு மூடிடும்.

ஆனா ராத்திரி பூரா அந்த லிங்க்தான்.

நவம்பர் 13, புதன்
பதில் வந்துடுச்சு! ரெண்டே வரி.

"தாங்கள் குறிப்பிடும் கட்டு தீட்சாவிதி அடங்கியது. தாங்கள் தீட்சை பெற்றவரா?"

நவம்பர் 14, வியாழன்
காலைல கோவத்துல ஒரு பதில் டைப் பண்ணேன். அகோரசிவாசாரியாரோட கிரியாக்ரமத்யோதிகாவே 1927ல சிதம்பரத்துல கிரந்த எழுத்துல அச்சாயிடுச்சே, தீட்சாவிதி ஊருக்கே தெரிஞ்சதாச்சே, இதுல என்ன ரகசியம்னு. அனுப்பாம குருக்கள் மாமா வீட்டுக்கு போனேன், திருப்பாதிரிப்புலியூர்லயே நாலு தெரு தள்ளி.

மாமா கண்ணாடிய கழட்டாமயே படிச்சாரு. "அச்சாயிடுச்சுங்கறது நெசம்தான், ஆனா அத ஏம்மா அவங்களுக்கு எழுதற? அச்சுப் போட்டவர் அவர் முடிவ எடுத்தார், இவங்க கட்டுக்கு இவங்கதான காவல்." அப்புறம் பொறுமையா சொன்னாரு. சமயம், விசேடம், நிர்வாணம்னு தீட்சைல படி இருக்கு, ஒவ்வொரு படிக்கும் இன்ன கிரியை செய்யலாம், இன்ன நூல் படிக்கலாம்னு அதிகாரம் வருது. அத கேக்கறது அவங்களுக்கு அவமானப்படுத்தற கேள்வி இல்ல, ஆஸ்பத்திரில பேரு வயசு கேக்கற மாதிரி.

அடுத்து அவர் கேட்டதுதான் விஷயம். "உனக்கு வேணுங்கறது தீட்சாவிதியா?"

இல்ல. பிராயச்சித்தம். ஒரே கட்டுல ரெண்டையும் சேத்து கோத்திருக்காங்க. பூட்டு முன்பாதிக்கு, நான் கேக்கறது பின்பாதில. இத நான் மெயில்ல சொல்லவே இல்ல! கட்டுங்கறது ஒரு நூல் இல்ல, கயிறு எத்தன நூல வேணா ஒண்ணா கட்டும். எனக்கு தெரிஞ்ச விஷயம்தான், இருந்தும் எழுதும்போது தோணல.

நவம்பர் 15
ரெண்டாவது மெயில். சுருக்கமா, பொய் இல்லாம. "அடியேன் தீட்சை பெற்றவள் அல்ல. தீட்சாவிதிப் பகுதியைக் கேட்கவில்லை. அந்த ஏடுகளைக் கயிற்றிலேயே கட்டி வைத்துவிட்டுப் பிராயச்சித்த ஏடுகளை மட்டும் காட்டினாலும் போதும். அதுவும் முறையாகாது எனில், மடத்தைச் சார்ந்த அதிகாரம் உடைய ஒருவர் பார்த்து, தோஷங்கள் நான்கா ஐந்தா என்று மட்டும் தெரிவித்தாலும் நன்றியுடையவளாவேன்."

கடைசி வரிய போடலாமா வேணாமான்னு ஒரு மணி நேரம். "அஞ்சு இருக்கு"ன்னு யாரோ சொன்னத வெச்சு பாடம் பதிப்பிக்க முடியாது, எழுத்த நானே பாக்கணும். ஆனா இருக்கா இல்லையான்னாவது தெரியும்ல.

நவம்பர் 18, திங்கள்
கார்த்திகை முதல் சோமவாரம். மடத்துல சங்காபிஷேக வேலை ஓடும், மெயில் யார் பாப்பாங்க.

நவம்பர் 21
மேடம் இன்னைக்கு ஒரு குண்டு போட்டாங்க. "அஞ்சுங்கறதே தப்பா இருந்தா? ஆசிரியரே நாலு சொல்லிட்டு அஞ்சுன்னு எண்ணியிருந்தா?" அப்படியும் இருக்கலாம். மடத்து சுவடிலயும் நாலுன்னா என் வரி காணாம போன கதை வீக் ஆயிடும், ஒரேயடியா சாகாது, அந்த தப்பு இன்னும் பழசுன்னு ஆகலாம். அஞ்சு இருந்தாலும் முழுசா நம்ப முடியாது, எண்ண சரிக்கட்ட பின்னால வந்தவர் யாராவது ஒரு வரிய சேத்திருக்கலாம். சாப்பாடு எறங்கல.

நவம்பர் 25, திங்கள்
ரெண்டாவது சோமவாரம்.

நவம்பர் 28, வியாழன்
போன்!! மெயில் இல்ல, போன். காறுபாறு ஐயாவே. ஓவரா பேசிட்டேனோ.

"ஏம்மா, நாப்பத்தி மூணுன்னு எழுதியிருக்கியே, இங்க ரெண்டு நாப்பத்தி மூணு இருக்கு, எது?"

அவரே கட்ட பிரிச்சு பாத்திருக்காரு! ஏட்டோட இடது ஓரத்துல தமிழ் எண்ல ௪௰௩னு போட்டிருக்கு, நாலு, பத்து, மூணு. முதல் நூல்ல ஒரு தடவ. ரெண்டாவது நூலுக்கு எண்ணு திரும்ப ௧ல ஆரம்பிச்சு மறுபடி ௪௰௩. பட்டியல் போட்டவர் ரெண்டாவத போட்டாரா, இல்ல தலைலேர்ந்து மொத்தமா எண்ணினாரா, தெரியல. நான் பட்டியல நம்பி நம்பர் மட்டும் குடுத்திருந்தேன், அது என் தப்பு. பகுதி தொடங்கற வார்த்தையையும் முடியற வார்த்தையையும் எழுதியிருந்தா இந்த கொழப்பமே இல்ல. நம்பர் மாறும், கட்டு மாறும், தொடக்கச் சொல் மாறாது.

போன்லயே தொடக்கத்த சொன்னேன். "ஆங், ரெண்டாவதுல இருக்கு"ன்னாரு. நாலா அஞ்சான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, கேக்கல. சந்நிதானத்துகிட்ட சொல்லிட்டு கூப்பிடறேன்னு வெச்சிட்டாரு.

நவம்பர் 30, சனி
ஃபெஞ்சல். கரண்ட் இல்ல.

டிசம்பர் 1, ஞாயிறு
பாண்டில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டராம். எங்க தெருல முட்டிவரைக்கும் தண்ணி. புத்தகத்தையெல்லாம் பரண்ல ஏத்தியாச்சு. மடத்து கட்டு ஞாபகமாவே இருக்கு. ஈரக்காத்து பட்டா ஓலை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், இழுத்தா மேல்தோல் உரிஞ்சு எழுத்தோட வந்துடும். அவர் அன்னைக்கு பிரிச்சது எனக்காக. திரும்ப இறுக்கி கட்டினாரா?

டிசம்பர் 3, செவ்வாய்
சாத்தனூர் தண்ணி பெண்ணையாத்துல வந்துடுச்சு. ஆத்தோரத்து ஜனங்க எல்லாம் முகாம்ல. சித்தி குடும்பம் இங்க வந்துட்டாங்க, ஹால்ல ஏழு பேர். இன்னைக்கு அஞ்சாவத பத்தி நெனக்கவே இல்ல, இத எழுதும்போதுதான் ஞாபகம் வருது.

டிசம்பர் 6, வெள்ளி
ஐயா கூப்பிட்டாரு. முதல் கேள்வி, "உங்க பக்கம் தண்ணி வடிஞ்சுச்சா?" அப்புறம் கட்டு பத்திரமா இருக்காம், அலமாரிக்கு பின்னாடி சுவர் ஓதம் ஏறுனதால எல்லாத்தையும் நடு அறைக்கு மாத்தி நிழல்ல காத்தாட வெச்சிருக்காங்களாம். வெயில்ல வெச்சா ஓலை நொறுங்கிடும்ல, அவங்களுக்கு நான் சொல்லணுமா.

டிசம்பர் 11, புதன். பத்து மணி. பிராயச்சித்த ஏடு மட்டும். மடத்து வித்வான் பக்கத்துல இருப்பாரு, அவர்தான் புரட்டுவாரு. போன் வாசல்ல குடுத்துடணும், பேனா கூடாது, பாத்து எழுதிக்கலாம். தீட்சாவிதி ஏடு பட்டுத் துணில சுத்தி இருக்கும்.

"வேற எதுனா கேக்கணுமாம்மா?"

இல்லைங்கய்யான்னேன். பென்சில் ரெண்டு வாங்கணும். உருப்பெருக்கி கண்ணாடிக்கு தனியா அனுமதி கேக்கணுமா?