12 என்று எழுதியிருந்தது, எதில் 12 என்று எழுதவில்லை

போன மார்கழியில் அம்மா கும்பகோணத்திலிருந்து பெங்களூருக்கு வந்திருந்தார். மூன்றாம் நாள் காலை குக்கரைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, அஞ்சு விசில் விட்டும் பருப்பு கல்லு மாதிரி இருக்கு" என்றார். நாங்கள் சமையலுக்கு ஆர்ஓ தண்ணீர் எடுப்போம். அம்மாவுக்கு அது பாதி வீணாகிறதே என்று வருத்தம், அதனால் குழாய்த் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள கடின நீரில் பருப்பின் தோலும் சதையும் இறுகிப்போய் வேக மறுக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் அபார்ட்மெண்டில் அடித்தளத்தில் அந்தக் கடினத்தை நீக்கும் சாஃப்டனர் ஓடுகிறதே, அதற்கென்று மாதாமாதம் பணம் கட்டுகிறோமே என்பதுதான் கேள்வி.

நாங்கள் இருப்பது ஹொரமாவு பக்கம். நாற்பது வீடுகள். போர்வெல் தண்ணீர் சம்ப்பில் விழுந்து, சாஃப்டனர் வழியாக மேல்தொட்டிக்குப் போகிறது. கோடையில் டேங்கர் தண்ணீரும் அதே சம்ப்பில் சேரும். சங்கத்துச் செயலாளரிடம் கேட்டேன். பராமரிப்புச் சீட்டைக் காட்டினார். 'ஹார்ட்னஸ் 12' என்று வாராவாரம் எழுதியிருந்தது. "நல்ல தண்ணிதானே மேடம், வெறும் 12" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தன் டிடிஎஸ் மீட்டரைக் கொண்டுவந்து, போர் தண்ணீரிலும் சாஃப்டனர் தண்ணீரிலும் ஏறக்குறைய ஒரே எண் வருவதைக் காட்டி, "மெஷினே வேலை செய்யல" என்றார்.

இருவர் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்த மொத்த உப்புகளின் மின்கடத்தலைத்தான் பார்க்கிறது. சாஃப்டனர் உப்பை எடுப்பதில்லை, மாற்றிக்கொடுக்கிறது. ஒரு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியத்தை விடுகிறது. அதனால் நன்றாக வேலை செய்யும் சாஃப்டனரிலும் டிடிஎஸ் குறையாது. நாம் போர் தண்ணீரைப் பொதுவாக 'உப்புத் தண்ணி' என்கிறோம், ஆனால் உப்பு வேறு, கடினம் வேறு. நாக்கில் கரிக்காத தண்ணீர்கூட கீசரில் வெள்ளைப் படிவம் கட்டும்.

வீட்டில் இருப்பதை வைத்து முதலில் சோப்பு நுரையைப் பார்த்தேன். இதற்கு உண்மையான சோப்பு வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம், ஷாம்பு, கை கழுவும் திரவம் எல்லாம் டிடர்ஜெண்ட் வகை, அவை கடின நீரிலும் நுரைக்கும், எதையும் காட்டிக்கொடுக்காது. குளியல் சோப்பு உறையில் டிஎஃப்எம் என்று ஒரு சதவீதம் போட்டிருந்தால் அது கொழுப்பிலிருந்து செய்த சோப்பு. அப்படி ஒரு சோப்பை ஒரு கிராம் சீவி, 100 மில்லி வெதுவெதுப்பான ஆர்ஓ தண்ணீரில் கரைத்துக்கொண்டேன். ஆறினால் கெட்டியாகும், அதனால் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டேன்.

ஒரே மாதிரியான மூன்று அரை லிட்டர் பாட்டில்களில் ஆர்ஓ, குழாய், போர் தண்ணீர் ஒவ்வொன்றும் 50 மில்லி. மருந்து ஊசிக் குழலால் ஒவ்வொரு மில்லியாகச் சோப்புக் கரைசலை விட்டு, பத்து விநாடி குலுக்கி, நுரை ஒரு நிமிடம் நிற்கிறதா என்று பார்த்தேன். ஆர்ஓ தண்ணீரில் இரண்டாவது மில்லியிலேயே நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீருக்கு 13, போர் தண்ணீருக்கு 20. நுரை வரும்வரை பாட்டிலில் வெள்ளைத் திப்பித் திப்பியாக மிதந்தது. சோப்பிலுள்ள கொழுப்பமிலத்தைக் கால்சியம் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடுகிறது, அதுதான் அந்தத் திப்பி. கால்சியமும் மெக்னீசியமும் தீர்ந்த பிறகுதான் சோப்பு நுரைக்க மிஞ்சும். வாளி ஓரத்தில் ஒட்டும் பிசுக்கும் இதுவே.

இந்தச் சோதனை ஒப்பிட்டுத்தான் சொல்லும், எண்ணைக் கொடுக்காது. ஆனால் எனக்கு அந்த ஒப்பீடே போதுமானதாக இருந்தது. சீட்டில் உள்ள 12 என்பது 12 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்றால் குழாய்த் தண்ணீர் ஆர்ஓவின் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். அது போர் தண்ணீரின் பக்கத்தில் அல்லவா நிற்கிறது!

எண் வேண்டுமென்று மீன் வளர்ப்புக் கடையில் சொட்டுக் கணக்குக் கிட் ஒன்று வாங்கினேன். 5 மில்லி தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் குலுக்கினால் சிவப்பாகும், சிவப்பு பச்சையாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். ஒரு சொட்டுக்கு ஒரு ஜெர்மன் டிகிரி, அது கடினத்தை அளக்கும் ஓர் அலகு. முதல் தடவை போர் தண்ணீருக்கு 31 சொட்டு வந்தது, இரண்டாம் தடவை 27. நான்கு சொட்டு வித்தியாசம் எனக்கு உறுத்தியது. யோசித்தபோது, முதல் தடவை பாட்டிலைச் சாய்த்துப் பிடித்திருந்தது நினைவுக்கு வந்தது. சாய்த்தால் சொட்டு சின்னதாக விழும், எண்ணிக்கை கூடிவிடும். நேர் கீழாகப் பிடித்து, ஒவ்வொரு சொட்டுக்கும் மூடிக் குலுக்கி, வெள்ளைக் காகிதத்தின் முன் நிறத்தைப் பார்த்து மறுபடி இரண்டு தடவை செய்தேன். 27, 27. கிட்டின் சோதனைக் குழாயில் உள்ள கோட்டை நம்பாமல் 5 மில்லியை ஊசிக் குழலால் அளந்ததும் உதவியது, ஏனென்றால் அரை மில்லி கூடினாலே 27-க்கு மூன்று சொட்டு தப்பும். சமையலறைக் குழாய் 16 சொட்டு. ஆர்ஓ முதல் சொட்டிலேயே பச்சை.

இனி அலகு. கடினத்தைச் சொல்லும்போது கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லாமல், அவை அத்தனையும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் இருக்கும் என்று சொல்கிறார்கள். அதைத்தான் நாம் பிபிஎம் என்கிறோம். ஒரு ஜெர்மன் டிகிரி என்பது 17.85 பிபிஎம். அமெரிக்கக் கணக்கில் சாஃப்டனரை விற்பவர்கள் சொல்லும் ஒரு கிரெய்ன் 17.1 பிபிஎம். பிரெஞ்சு டிகிரி 10. எங்கள் போர் தண்ணீர் 27-ஐ 17.85-ஆல் பெருக்கினால் சுமார் 482. குழாய் 16-க்கு 286. இந்தியக் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500) ஏற்கத்தக்க அளவாக 200-ஐயும், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரையும் வைக்கிறது. ஜெயநகரில் சித்தி வீட்டுக் காவிரித் தண்ணீரை ஒரு ஞாயிறன்று பார்த்தேன், 7 சொட்டு, அதாவது 125.

சீட்டின் 12 இன்னும் புரியவில்லை. அது ஜெர்மன் டிகிரி என்றால் 214, கிரெய்ன் என்றால் 205. இரண்டுமே என் 286-உடன் ஒட்டவில்லை. அடுத்த வாரம் பராமரிப்புக்கு வரும் அண்ணனுக்காகக் காத்திருந்தேன். தர்மபுரிக்காரர், நல்ல மனிதர். சாஃப்டனர் வெளிக்குழாயிலிருந்து ஒரே வாளியில் தண்ணீர் பிடித்து, "அண்ணா, நீங்க உங்க கிட்டுல பாருங்க, நான் என்னதுல பாக்கறேன்" என்றேன். அவருடையது மூன்று பாட்டில் கிட். முதலில் அம்மோனியா வாடை அடிக்கும் பஃபர், அப்புறம் இண்டிகேட்டர் பொடி, தண்ணீர் திராட்சை ரசம் போலச் சிவக்கும், கடைசியில் இடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு ஊதாவாகி, ஊதாவின் சாயல் முழுக்கப் போய்த் தெளிந்த நீலம் வரும்போதுதான் முடிவு. ஊதாவிலேயே நிறுத்தினால் ஒன்றிரண்டு சொட்டு குறைந்துபோகும்.

அவர் நிதானமாகச் செய்தார். 12 சொட்டு. சீட்டில் 12 என்று எழுதப் போனார். "இருங்கண்ணா, அந்த பாட்டில்ல ஒரு சொட்டுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கு?" என்றேன். லேபிளைத் திருப்பினார். ஒரு சொட்டு 25 பிபிஎம். அதே வாளித் தண்ணீர் என் கிட்டில் 17 சொட்டு. அவருடையது 12 பெருக்கல் 25, 300. என்னுடையது 17 பெருக்கல் 17.85, 303. இரண்டு கிட்டும் ஒன்றையேதான் சொல்கின்றன. சீட்டில் வாராவாரம் ஏறியது சொட்டு எண்ணிக்கை. "எனக்கு முன்னாடி வந்தவரும் இப்படித்தான் மேடம் எழுதினாரு, அதைப் பார்த்து நானும் எழுதிட்டேன்" என்றார். அவர் அளந்ததில் தப்பே இல்லை. பெருக்காமல் விட்டதுதான் தப்பு.

சாஃப்டனரிலிருந்து வெளியே 300 வருகிறதென்றால் தண்ணீரைச் சாஃப்டனருக்குள் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு கசிகிறது, அல்லது உள்ளே கால்சியத்தைப் பிடிக்கும் ரெசின் மணிகளின் திறன் தீர்ந்துவிட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி இருந்தது. உப்புக் கரைசல் விட்டு ரெசினைப் புதுப்பித்தார். ஒரு மணி நேரம் கழித்து அதே வெளிக்குழாய், ஒரே சொட்டில் பச்சை. பைபாஸ் கசிந்திருந்தால் இப்படி இறங்கியிருக்காது.

அப்புறம் கணக்குப் போட்டோம். தொட்டியில் 200 லிட்டர் ரெசின். ஒரு லிட்டர் ரெசின் சுண்ணாம்புக் கல் கணக்கில் சுமார் 50 கிராம் பிடிக்கும், ஆக மொத்தம் 10 கிலோ. தண்ணீரில் லிட்டருக்கு 0.482 கிராம் என்றால் 20,700 லிட்டரில் தீர்ந்துவிடும். எங்கள் நாற்பது வீட்டுக்கு ஒரு நாள் செலவு ஏறக்குறைய 20,000 லிட்டர். புதுப்பிப்பதோ இரண்டு நாளுக்கு ஒரு முறை. தொடங்கியபோது உள்ளே வந்த தண்ணீர் 250 பிபிஎம்தான் என்று பழைய ரசீதில் இருந்தது. அப்போது அது சரியான கணக்கு. பின்னால் போரை ஆழப்படுத்தினார்கள், தண்ணீர் மாறியது, யாரும் உள்ளே வருவதை மறுபடி அளக்கவில்லை. அதனால் இரண்டாம் நாள் முழுக்கப் போர் தண்ணீர் கிட்டத்தட்ட அப்படியே மேலே போய், தொட்டியில் முதல் நாள் கடினம் நீங்கிய தண்ணீரோடு கலந்து எங்களுக்கு வந்திருக்கிறது.

இப்போது தினமும் இரவு புதுப்பிக்கிறார்கள். முன்பு இரண்டு நாளுக்கு ஒரு மூட்டை உப்பு, இப்போது ஒரு நாளுக்கு. செலவு கூடியதைச் செயலாளர் கூட்டத்தில் கேட்டார், கணக்கைக் காட்டினேன், ஒப்புக்கொண்டார். சீட்டில் இரண்டு கட்டங்கள் புதிதாகப் போட்டிருக்கிறோம்: உள்ளே, வெளியே. ஒவ்வொன்றுக்கும் சொட்டு, பெருக்கும் எண், பிபிஎம் மூன்றையும் எழுத வேண்டும். வெளியே பார்க்கும்போது 10 மில்லி எடுத்து என் கிட்டில் எண்ணுகிறோம், அப்போது ஒரு சொட்டுக்கு அரை டிகிரி, சின்ன ஏற்றமும் தெரிந்துவிடும். நேற்று மாலை, அடுத்த புதுப்பிப்புக்குச் சற்று முன், அந்த 10 மில்லிக்கு மூன்று சொட்டு. 27 பிபிஎம்.