ஒரே பத்தியாக வந்த பாட்டைக் கண்ணிகளாகப் பிரித்தது

அக்கா பிள்ளைகளுக்கு அச்சிட்டுக் கொடுக்க, நம்ம தேரூர் கவிமணியின் வெள்ளைப்பசு பாட்டு வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் கிடைத்தது இப்படி, கோடும் இல்லை, அடியும் இல்லை:

தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு அங்கே துள்ளிக் குதிக்குது கன்றுக்குட்டி அம்மா என்குது வெள்ளைப்பசு உடன் அண்டையில் ஓடுது கன்றுக்குட்டி நாவால் நக்குது வெள்ளைப்பசு பாலை நன்றாய்க் குடிக்குது கன்றுக்குட்டி முத்தம் கொடுக்குது வெள்ளைப்பசு மடி முட்டிக் குடிக்குது கன்றுக்குட்டி

திரும்பத் திரும்ப வரும் வெள்ளைப்பசு, கன்றுக்குட்டி என்ற இரண்டு சொல்லிலும் உடைத்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் அப்படி உடைத்தால் இரண்டாம் அடி ‘அங்கே துள்ளிக் குதிக்குது’ என்று தொடங்குகிறது. பொருள் கெடவில்லை, அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

மோனையைப் பார்த்தால் பிடிபடும். முதல் அடி தோ, அதற்கு இணையாக இரண்டாம் அடி து-வில் தொடங்க வேண்டும். உ, ஊ, ஒ, ஓ நான்கும் மோனையில் ஓர் இனம். ‘அங்கே’ முன்னால் வந்து நின்றால் அந்த இணை அறுந்துபோகும். ஆக அது முதல் அடியின் கடைசியில் கோடு போட்டு நிற்கும் தனிச்சொல். அடுத்ததிலும் உடன் என்பதை மேலே ஏற்றினால் அம்மா, அண்டையில் என்று சேர்கிறது, பிறகு நாவால், நன்றாய், அப்புறம் முத்தம், முட்டி. கண்ணி எங்கே முடிகிறது என்பதையும் இதே மோனைதான் காட்டியது, இரண்டு அடிக்கு ஒருமுறை எழுத்து மாறுகிறது.

இந்த ஒரு பாட்டைக் கையாலேயே பிரிக்கலாம், ஆனாலும் Notepad++-இல் Regular expression வைத்துச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு ஜோடியிலும் முதல் வரி தேட வேண்டியது, அடுத்தது அதற்குப் பதிலாக வர வேண்டியது.

```
(வெள்ளைப்பசு)\s+(\S+)\s+
$1 - $2\n

(கன்றுக்குட்டி)\s*
$1\n\n
```

வந்தது:

தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு - அங்கே
துள்ளிக் குதிக்குது கன்றுக்குட்டி

மற்ற மூன்று கண்ணியும் இதே மாதிரி சரியாக விழுந்தன. உங்களிடம் உள்ள பிரதியில் சில இடத்தில் மட்டும் கோடு மிஞ்சியிருந்தால் அதை முதலில் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் `\S+` தனிச்சொல்லை விட்டுவிட்டு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்ளும். வேர்டில் ஒட்டும்போது அடிகளுக்கு நடுவே Shift+Enter, கண்ணி முடிந்தால் Enter. அப்போதுதான் கண்ணிக்கு இடையே மட்டும் இடைவெளி விட முடியும்.

விருத்தத்துக்கு இந்த வழி ஒத்துவராது. அங்கே மோனை ஒரே அடிக்குள்ளும் நடுவில் வரும், அதை நம்பி உடைத்தால் பாதி அடியில் வெட்டிவிடுவோம். எதுகையைத்தான் பிடிக்க வேண்டும்: நான்கு அடியிலும் முதல் சீரின் இரண்டாம் எழுத்து ஒன்றாக வரும், அது மாறினால் பெரும்பாலும் அடுத்த பாட்டு. சொற்களை எண்ணி அடி பிரிக்கப் பார்க்காதீர்கள், பதம் பிரித்து அச்சிட்ட பிரதியில் ஒரு சீர் இரண்டு சொல்லாகக் கிடக்கும்.